பேர் மாறிய பற்று

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிக்கு இரண்டு கணக்கு உண்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியது துணைப் பேரேடு. அத்தனை பேர் பாக்கியையும் ஒரே தொகையாகக் காட்டுவது பொதுப் பேரேட்டின் கட்டுப்பாட்டுக் கணக்கு. மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போனால் 'கணக்கு சரி' என்று ஏட்டை மூடிவிடுகிறோம். அங்கேதான் ஒரு பிழை ஒளிந்துகொள்கிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். கரமனையில் ஒரு முருகன் ஸ்டோர்ஸ், நெடுமங்காட்டில் ஒரு முருகன் ஸ்டோர்ஸ். கரமனைக்குப் போன ரூ.18,400 பில்லை, கணக்கப்பிள்ளை நெடுமங்காட்டார் பக்கத்தில் பற்று எழுதிவிட்டார். ஏட்டில் கரமனை பாக்கி 12,000, நெடுமங்காடு 46,400, கூட்டினால் 58,400. உண்மையில் கரமனை 30,400, நெடுமங்காடு 28,000. கூட்டினால் அதுவும் 58,400 தான்! கட்டுப்பாட்டுக் கணக்குக்கு விற்பனை ஏட்டின் மாத மொத்தம்தான் போகிறது. யார் பேரில் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே இருப்பாய்விலும் இது அகப்படாது. டாலியில் எழுதினாலும் கதை இதுவே.

பின் எப்படித் தெரியும்? கட்சிக்காரருக்குப் பாக்கி விவரம் அனுப்பி ஒப்புதல் வாங்கும்போது தெரியும். நெடுமங்காட்டார் 'இது எங்க பில் இல்லையே' என்பார். கரமனைக்காரர் பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார். அவர் பாக்கி குறைச்சலாகத்தானே இருக்கிறது! அதனால் இருவருக்கும் பில் எண் வாரியாக விவரம் அனுப்பவேண்டும்.

திருத்தம் எளிது. அடித்து எழுதவோ சுரண்டவோ கூடாது. கண்டுபிடித்த தேதியிட்டுத் துணைப் பேரேட்டில் மட்டும் கரமனைக்குப் பற்று 18,400, நெடுமங்காட்டிற்கு வரவு 18,400 எழுதி, பழைய பில் எண்ணையும் காரணத்தையும் குறிக்கவேண்டும். கட்டுப்பாட்டுக் கணக்கையும் விற்பனைக் கணக்கையும் தொடக்கூடாது. அவை முன்பே சரி.

சிலர் நெடுமங்காட்டிற்கு இப்படி வரவு வைத்துவிட்டுக் கரமனைக்குப் புதுசாக ஒரு பில் போட்டுவிடுவார்கள். விற்பனை 18,400 கூடிவிடும். கட்டுப்பாட்டுக் கணக்கும் கூடும். துணைப் பேரேட்டு மொத்தமோ கூடாது. வித்தியாசம் சரியாக 18,400 என்றாலே இதைச் சந்தேகிக்கலாம். பில்லே தப்பான பேரில் போட்டிருந்தால் அது வேறு விஷயம். அப்போது பில்லையும் ஜி.எஸ்.டி. விவரத்தையும் சேர்த்துத் திருத்தவேண்டும்.

தாமதிக்கலாமா? 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப்போடப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் தப்பான ஆளிடமே கேட்டுக்கொண்டிருந்தால், கொடுக்கவேண்டியவரிடம் வழக்குப்போட்டுக் கேட்கும் உரிமை போய்விடும். கேட்கக்கூடாதவரின் சிநேகமும் போய்விடும்.