டிராமிசுவில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

டிராமிசு செய்து இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. மறுநாள் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும், எடுத்த இடத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறது. உடனே கடைக்குப் போய் ஜெலட்டின் வாங்குவதற்கு முன்னால், அந்தத் தண்ணீரை ஒரு ஸ்பூனில் எடுத்து நிறத்தைப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் பிஸ்கட் குடித்த காபி அதிகம். வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கிரீம் திரிந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே கோளாறு போலத்தான் தெரியும். ஆனால் காரணம் வேறு, பரிகாரமும் வேறு. ஒன்றுக்கு உரிய வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்வதால்தான் பலருக்கும் இந்த இனிப்பு வசப்படுவதில்லை.

இத்தாலியின் வடகிழக்கில், வெனிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது திரெவீசோ நகரம். அங்கே காம்பியோல் குடும்பம் நடத்திவந்த லே பெக்கெரியே என்ற உணவகத்தில் 1972-இல் டிராமிசு மெனுவில் ஏறியது. உரிமையாளர் ஆதோ காம்பியோலின் மனைவி ஆல்பாவும் சமையற்கலைஞர் ரொபெர்த்தோ லிங்குவனோத்தோவும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பக்கத்து மாநிலமான ஃப்ரியூலிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1950-களிலேயே தொல்மேட்சோ ஊர் ஓட்டல் ஒன்றில் இது இருந்தது என்பது அவர்கள் வாதம். 2017-இல் இத்தாலிய வேளாண் அமைச்சகம் டிராமிசுவை ஃப்ரியூலியின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் சேர்த்தபோது திரெவீசோவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சண்டையை அவர்களிடமே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது திரெவீசோவின் செய்முறை. முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, மஸ்கார்போனே, சவோயார்டி பிஸ்கட், காபி, கோகோ பவுடர், அவ்வளவுதான். வெள்ளைக் கரு கிடையாது. மது கிடையாது. விப்பிங் கிரீமும் கிடையாது. இத்தாலிய சமையல் அகாதெமி 2010-இல் திரெவீசோவில் பதிவு செய்த செய்முறையில் ஒரு கிலோ மஸ்கார்போனேவுக்கு 12 மஞ்சள் கரு, அரைக் கிலோ சர்க்கரை, 60 பிஸ்கட் என்று கணக்கு. வீட்டுக்கு அதில் கால் பங்கு போதும்: 250 கிராம் டப்பா ஒன்று, மஞ்சள் கரு மூன்று, பிஸ்கட் கணக்குப்படி 15, இரண்டு அடுக்குக்குச் சமமாக வர 16. சர்க்கரை மட்டும் கால் பங்குக் கணக்கில் 125 கிராம் வரும், நம் நாக்குக்கே அது திகட்டும். 80 கிராம் தாராளம்.

முதலில் கிரீமைப் பார்ப்போம், ஏனென்றால் கடினமான பாதி அதுதான்.

மஸ்கார்போனேவைச் சீஸ் என்று சொல்வது ஒரு வசதிக்குத்தான். பாலாடையைச் சுமார் 85 டிகிரிக்குச் சூடாக்கி, சிட்ரிக் அமிலமோ டார்டாரிக் அமிலமோ சேர்த்துத் திரைய வைத்து, துணியில் வடிகட்டினால் கிடைப்பது அது. நூறு கிராமில் நாற்பது கிராமுக்குக் குறையாமல் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதாவது நம் 250 கிராம் டப்பாவுக்குள் ஏறக்குறைய அரை டம்ளர் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. மெல்லிய புரத வலை ஒன்று கொழுப்புத் துளிகளையும் அந்தத் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது கெட்டியாகத் தெரிகிறது. எலெக்ட்ரிக் பீட்டரை வேகமாக ஓட்டினால் வலை அறுந்து, கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தனியே பிரியும். மோர் கடைந்தால் வெண்ணெய் வருவதும் இப்படித்தான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததென்று நம்மவர்கள் வருத்தப்படுவார்கள், இங்கே வெண்ணெய் திரண்டாலே காரியம் கெட்டது.

இது நடக்கப்போவதை முன்கூட்டியே பார்க்க முடியும். ஒழுங்கான கிரீமின் மேற்பரப்பு வழவழவென்று மினுங்கும். திரியத் தொடங்கும்போது முதலில் அந்த மினுமினுப்பு போகும். பிறகு கரண்டி போன தடத்தின் ஓரங்கள் ரவை போலப் பொருபொருவென்று ஆகும். கிண்ணத்தின் விளிம்பில் ஈரம் கசியும். மினுமினுப்பு போன கட்டத்திலேயே நிறுத்தி, வெதுவெதுப்பான பாலாடை இரண்டு ஸ்பூன் விட்டு, கையால் மெதுவாகக் கலந்தால் பெரும்பாலும் மீண்டு வரும். ஈரம் கசிந்த பிறகு மீட்பது கஷ்டம்.

சரி, யாராவது ஏன் அவ்வளவு அடிக்கிறார்கள்? கட்டி கட்டியாக இருப்பதால்தான். கட்டி ஏன் வருகிறது? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற மஸ்கார்போனேவில் சூடு ஆறாத முட்டைக் கலவையைக் கொட்டுவதால். கட்டியை உடைக்க அடிக்கிறார்கள், அடித்ததில் திரிகிறது. ஆகவே கோளாறின் வேர் பீட்டரில் இல்லை, இரண்டு கலவைகளின் வெப்ப வித்தியாசத்தில் இருக்கிறது. டப்பாவை இருபது நிமிடம் முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைக் கலக்கிவிடாமல் சாய்த்துக் கொட்டிவிடுங்கள். ஸ்பாட்டுலாவால் நாலு முறை மசித்துத் தளர்த்திக்கொள்ளுங்கள், போதும்.

மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, மெல்லக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து விஸ்கால் விடாமல் அடிக்க வேண்டும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. பழைய செய்முறையில் கரு பச்சையாகவே சேரும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சால்மோனெல்லா பயம் ஒன்று, கெட்டித்தன்மை இன்னொன்று. கலவை 75 டிகிரியை எட்டும்போது கிருமி பயம் நீங்குகிறது. அதே சூட்டில் கருவின் புரதம் இறுகத் தொடங்கி, தன் ஈரத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. சர்க்கரை உடன் இருப்பதால் பொரியலாக மாறாது. விஸ்கைத் தூக்கினால் கலவை நாடா போல விழுந்து, விழுந்த தடம் இரண்டு மூன்று விநாடி மேலே நிற்க வேண்டும். இறக்கிய பிறகு முழுக்க ஆறவிடுங்கள். பிறகு மூன்று தவணையாக மஸ்கார்போனேவில் சேர்த்து மடித்துக் கலக்க வேண்டும். இங்கே பீட்டருக்கு வேலையே இல்லை.

வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துச் சேர்க்கும் வழக்கம் இத்தாலிய வீடுகளில் நிறைய உண்டு. சேர்த்தால் கிரீம் லேசாக, பஞ்சுபோல இருக்கும், அளவும் கூடும். ஆனால் வேகாத வெள்ளைக் கரு நுரை நேரம் போகப் போகத் தண்ணீர் விடும். அது அதன் சுபாவம், உங்கள் கைப்பிழை இல்லை. பச்சை முட்டை பற்றிய பயம் இல்லாதவர்கள், அன்றே சாப்பிடுவதென்றால் சேர்க்கலாம். மறுநாளைக்கு என்றால் வேண்டவே வேண்டாம். லேசான கிரீம்தான் பிடிக்கும் என்பவர்கள் 100 மில்லி விப்பிங் கிரீமை மென்மையாக நிற்கும் வரை அடித்து, கடைசியில் மடித்துச் சேர்க்கலாம். பெட்டியில் 35 சதவீதம் கொழுப்பு என்று போட்டிருக்க வேண்டும். மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. அதைச் சேர்ப்பது கூடுதல் தண்ணீரை நாமே ஊற்றுவதற்குச் சமம்.

இப்போது பழுப்புத் தண்ணீருக்கு வருவோம். சவோயார்டி என்பது முட்டை, சர்க்கரை, மாவு மட்டும் சேர்ந்த விரல் நீள பிஸ்கட். வெண்ணெய் இல்லாததால் உள்ளே காற்றறைகள் நிறைந்து மொறமொறவென்று உலர்ந்திருக்கும். காபியில் தொட்டதும் சர்ரென்று உறிஞ்சும். ஒரு பிஸ்கட் சுமார் 8 கிராம். ஒரு பக்கம் ஒரு விநாடி, மறுபக்கம் ஒரு விநாடி முக்கி எடுத்தால் 18 கிராமுக்கு வரும். அதுதான் சரியான அளவு. உடைத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு நனையாமல் இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பயந்து இன்னொரு முறை முக்குபவர்கள்தான் மறுநாள் தட்டில் காபிக் குளத்தைக் காண்கிறார்கள். உலர்ந்த அந்த நடுப்பகுதிக்கு இரவில் வேலை இருக்கிறது. கிரீமில் மிச்சமிருக்கும் ஈரத்தை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். காலையில் பிஸ்கட் மெத்தென்றும் கிரீம் இன்னும் இறுகியும் இருக்கும். ஏற்கெனவே தொண்டைவரை குடித்துவிட்ட பிஸ்கட்டால் எதையும் இழுக்க முடியாது. தன் பாரம் தாங்காமல் அதுதான் கீழே ஒழுகும்.

எடை பார்க்கத் தராசு இல்லாவிட்டாலும் ஒரு கணக்கு உண்டு. பதினாறு பிஸ்கட், ஒவ்வொன்றும் 10 மில்லி என்றால் 160 மில்லி. முக்குவதற்கு ஆழம் வேண்டுமே என்று 200 மில்லி காபி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் கிண்ணத்தில் 40 மில்லி, அதாவது மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் நாளை என்ன நடக்கும் என்பது இன்றே தெரிந்துவிட்டது. காபி நன்றாக ஆறியிருப்பதும் முக்கியம். சூடான காபியில் பிஸ்கட்டின் மேல்தோல் கரைந்து, கையிலேயே பிய்ந்துவிடும்.

இத்தாலியர்கள் எஸ்பிரஸோவோ மோக்கா பாத்திரத்தில் இறக்கிய காபியோ வைத்துக்கொள்வார்கள். குறைந்த காபியில் நிறைய சுவை வேண்டும் என்பதால் திடம் அவசியம். நம் ஃபில்டரில் இறக்கிய முதல் டிகாக்‌ஷன் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். சிக்கரி கலக்காத பொடியாக இருந்தால் நல்லது, சிக்கரியின் கசப்பு கோகோவின் கசப்போடு சேர்ந்து கொஞ்சம் தூக்கலாகிவிடும்.

அடுக்குவதில் சொல்ல அதிகம் இல்லை. ரொட்டி டின் அளவுள்ள பாத்திரத்தில் எட்டு பிஸ்கட், பாதி கிரீம், மறுபடி எட்டு, மீதி கிரீம். மூடி, ஃப்ரிட்ஜில் குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு. கிரீம் வடிவம் நிற்பது குளிர்ந்து இறுகும் பால்கொழுப்பால்தான், அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் வெட்டிவிட்டுச் சரிகிறதே என்று புலம்புவதில் நியாயமில்லை. ஜெலட்டின் போட்டால் நிற்கும், உண்மைதான். ஆனால் ஸ்பூனில் வழுக்கும் அந்தக் கிரீமின் அழகு போய், வாயில் ஜெல்லியாக ஆடும். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாள் முழுக்க வைத்து விற்பவர்களுக்கு அது வேண்டியிருக்கலாம், வீட்டுக்கு அவசியமில்லை.

கோகோ பவுடரை இரவே தூவி வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சி, காலையில் கருத்த சேறாகப் படிந்திருக்கும். பரிமாறும்போது சல்லடையில் தட்டித் தூவினால் போதும். வெட்டிய துண்டை உடனே சாப்பிடுங்கள், சென்னை வெயிலில் மேசைமேல் அரை மணி நேரம் கிடந்தால் எந்தக் கிரீமும் தளரும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் மூடி வைத்து இரண்டு நாளைக்குள் முடித்துவிடுங்கள். முட்டை சேர்ந்த பண்டம், அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.