சாம்பார் சட்டி தராசில் ஏறிய கதை

சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். ஞாயிறு காலை, எங்கள் வீட்டு அடுப்படி. மேடையில் தராசு, பக்கத்தில் கலோரி கணக்கு ஆப் திறந்த என் போன், நடுவில் முறைத்தபடி அம்மா. “என்னடி இது, நகைக்கடையா?”

கிட்டத்தட்ட அப்படித்தான்! முதலில் காலிச் சட்டி தராசில் ஏறியது: 850 கிராம். இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அடுத்து துவரம் பருப்பு 150 கிராம், 515 கலோரி. நல்லெண்ணெயை அம்மா எப்போதும் கண்ணளவாகத்தான் ஊற்றுவார். அதனால் தாளிக்கும் முன்பும் பின்பும் பாட்டிலையே எடை போட்டேன். 25 கிராம் குறைந்திருந்தது, அதாவது 225 கலோரி! அம்மாவே ஒரு நொடி பாட்டிலை உற்றுப் பார்த்தார். வெங்காயம், தக்காளி, கத்திரிக்காய், புளி, பொடி எல்லாம் சேர்ந்தே 220தான். மொத்தம் 960.

இனி வகுத்தல். ஆப் கேட்கும் `Servings` கட்டத்தில் போன வாரம்வரை ஆறு பேருக்கு ஆறு என்று போட்டுவந்தேன். ஆளுக்கு 160 என்று வந்தது, எனக்கும் பரம திருப்தி. ஆனால் தாத்தா ஒரு கரண்டியோடு எழுந்துவிடுவார், நான் மூன்று போட்டுக்கொள்வேன். இருவருக்கும் ஒரே 160 என்றால் எப்படி?

இப்போது காலிச் சட்டிக்கு வேலை வந்தது. கொதித்து இறக்கியதும் சட்டியோடு 2,450 கிராம். சட்டியைக் கழித்தால் சாம்பார் 1,600. ஆறை அழித்துவிட்டு 16 என்று போட்டேன். ஒரு பங்கு 100 கிராம், 60 கலோரி. என் கிண்ணத்தில் 360 கிராம் இருந்தது, ஆக 216. ஆறால் வகுத்த நாட்களில் எத்தனை கலோரியை நைசாக மறைத்திருக்கிறேன் பாருங்கள்!

ஒரு ரகசியத் தோல்வியும் உண்டு. முதல் தடவை ஆப்பில் ‘வேகவைத்த பருப்பு’ என்பதைத் தட்டிவிட்டேன். 150 கிராமுக்கு வெறும் 180 காட்டியது. காய்ந்த பருப்பில் 100 கிராமுக்கு 340 அளவில் இருக்கும், வெந்து தண்ணீர் குடித்ததில் 120தான். பச்சையாக எடை போட்டால் வேகாத பருப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரண்டி விஷயத்தில் தராசும் தோற்கும். பருப்பு அடியில் தங்கிவிடும், மேலே தெளிவாக எடுத்தவருக்குக் கலோரி குறைவு. அதனால் நன்றாகக் கலக்கிவிட்டே பரிமாறுகிறோம். இரவு மிச்சம் 1,000 கிராம், அதில் 600 கலோரி. சுடவைத்ததும் 800 கிராமாகச் சுண்டியது. கலோரி ஆவியாகாதே! அதனால் 100 கிராமுக்கு 75 ஆகிவிட்டது.

அடுத்த வாரம் நீங்கள் செய்து பார்ப்பதானால், காலிச் சட்டியை அடுப்பில் ஏற்றும் முன்பே எடை போட்டுவிடுங்கள். நான் ஒரு தடவை மறந்துபோய், கொதிக்கிற சாம்பாரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.