காற்புள்ளிக்கு அடுத்து நிற்பது யார்?

எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளின் ஆங்கிலத் தாளில் ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, பிழை எந்தத் துண்டில் என்று கேட்பார்கள். பிழையே இல்லையென்றால் 'நோ எரர்'. ஒருமை பன்மை தவறியிருந்தால் நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுவது இப்படிப்பட்ட வாக்கியத்தில்:

வெயிட்டிங் அட் தி பஸ் ஸ்டாப், / எ டாக் பிட் / தி ஓல்ட் மேன். / நோ எரர்.

ஒவ்வொரு சொல்லும் தனியே பார்த்தால் சரிதான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்தது யார்? 'ஐஎன்ஜி'யில் முடியும் சொல்லோடு வாக்கியம் தொடங்கிக் காற்புள்ளி வந்தால், அந்தச் செயலைச் செய்தவர் காற்புள்ளிக்கு அடுத்து எழுவாயாக நிற்க வேண்டும் என்பது ஆங்கிலத்தின் எதிர்பார்ப்பு. இங்கே அந்த இடத்தில் நிற்பது நாய். அப்படியானால் பஸ்ஸுக்குக் காத்திருந்ததும் நாய்தான். இப்படிப் பற்றிக்கொள்ள ஆளில்லாமல் அந்தரத்தில் தொங்கும் தொடருக்குத்தான் டாங்லிங் பார்ட்டிசிபிள் என்று பெயர்.

பிழை இருப்பது தெரிந்த பிறகும் எந்தத் துண்டைக் குறிப்பது என்ற குழப்பம் வரும். நாயை எழுவாய் இடத்திலிருந்து நகர்த்தப் பார்த்தால் இரண்டாம் துண்டு, மூன்றாம் துண்டு இரண்டையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும். முதல் துண்டை மட்டும் 'வைல் ஹி வாஸ் வெயிட்டிங்' என்று மாற்றினால் மற்றவை அப்படியே நிற்கும். ஒரே துண்டைத் தொட்டு வாக்கியத்தைச் சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். அந்தத் துண்டுதான் விடை. இந்த வகைக் கேள்வியில் அது பெரும்பாலும் முதல் துண்டாகவே அமையும்.

இந்தப் பிழை தமிழ்ப் பிள்ளைகளின் கண்ணுக்குத் தப்புவதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டும் அல்ல என்றே நினைக்கிறேன். நம் வினையெச்சத்துக்கும் இதே போன்ற கட்டுப்பாடு உண்டு. 'செய்து' என்னும் வாய்பாட்டில் வரும் எச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ஆனால் 'கால் ஒடிந்து விழுந்தான்' என்கிறோம். ஒடிந்தது கால், விழுந்தது அவன். உறுப்பும் ஆளும் இப்படிக் கலந்து வர இலக்கணமே இடம் தருகிறது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதிலும் எழுவாய் மாறுகிறது, ஆனாலும் காது உறுத்துவதில்லை. இந்த நெகிழ்வு ஆங்கிலத் தேர்வில் கிடையாது. 'ஸ்லிப்பிங் ஆன் தி ஸ்டெப்ஸ், ஹிஸ் லெக் வாஸ் ஃபிராக்சர்டு' என்றால் படியில் வழுக்கியது கால் மட்டும் என்றாகிவிடும். 'ஹிஸ்' என்ற சொல்லுக்குள் ஆள் இருக்கிறாரே என்று சமாதானம் சொல்ல முடியாது. அது எழுவாய் ஆகாது.

தேர்வில் திரும்பத் திரும்ப வருவது இன்னொன்று: 'பீயிங் எ ரெய்னி டே, வீ ஸ்டேய்டு அட் ஹோம்'. 'மழை நாளாக இருந்ததால் வீட்டிலேயே இருந்தோம்' என்று தமிழில் நினைக்கும்போது எதுவும் குறையவில்லை. ஆங்கிலத்தில் மழை நாளாக இருந்தது 'வீ', அதாவது நாம்! முதல் துண்டில் 'இட்' சேர்த்து 'இட் பீயிங் எ ரெய்னி டே' என்றால் அந்தத் தொடருக்கே சொந்த எழுவாய் கிடைத்துவிடும். 'தி சன் ஹேவிங் செட், வீ வென்ட் ஹோம்' என்பது சரியாக இருப்பதும் இதனால்தான். அங்கே சூரியன் உள்ளேயே இருக்கிறது.

விதியைப் படித்த வேகத்தில் நல்ல வாக்கியத்தையும் தவறென்று அடிப்பவர்கள் உண்டு. 'கன்சிடரிங் ஹிஸ் ஏஜ், தி வொர்க் இஸ் குட்' என்பதில் பிழையில்லை. கன்சிடரிங், ரிகார்டிங் போன்றவை கிட்டத்தட்ட முன்னிடைச் சொல்லாகவே மாறிவிட்டவை. அவற்றுக்குச் செய்தவர் யார் என்று கேட்கத் தேவையில்லை.

மிஸ்பிளேஸ்டு மாடிஃபயர் இதற்குப் பங்காளி. அதில் ஆள் வாக்கியத்துக்குள்ளேயே இருப்பார், அடைமொழிதான் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும். 'ஹி சோல்டு தி சைக்கிள் டு எ பாய் வித் எ புரோக்கன் பெடல்' என்றால் பெடல் உடைந்தது பையனுக்கு. தமிழில் 'பெடல் உடைந்த சைக்கிள்' என்று பெயரெச்சம் பெயரை ஒட்டி முன்னால் நிற்பதால் இப்படி வழிதவறுவது குறைவு. ஆங்கிலத்தில் 'வித்', 'தட்', 'விச்' என்று தொடங்கும் தொடர் வாக்கியத்தின் வாலில் வந்தால், அதற்கு ஒட்டி முன்னால் நிற்கும் பெயரோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். 'பாய் வித் எ புரோக்கன் பெடல்' என்று வாய்விட்டுச் சொன்னாலே கோணல் தெரிந்துவிடும்.