பெயரை எடுத்தால் தெரியும்

மதுரையின் ஆரோலேப், கண்புரை அறுவையில் பொருத்தும் செயற்கை லென்ஸை 1992 முதல் தயாரிக்கிறது. அங்கே தரப்பரிசோதனை வேலைக்கு விண்ணப்பிப்பவர், "எளியோருக்கும் உலகத்தரம்" என்று எழுதினால் அது அவர்களுடைய வாசகத்தின் எதிரொலி. கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டுப் படியுங்கள். எந்த மருந்து நிறுவனத்துக்கும் அது பொருந்தும்.

இப்படி எழுதலாம்: "வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால்தான் இதை இங்கேயே செய்யத் தொடங்கினீர்கள். விலை குறைந்தாலும் சோதனை குறையக்கூடாது. உறையில் அச்சிட்ட பவரும் உள்ளிருக்கும் லென்ஸின் பவரும் மாறினால், நோயாளிக்கு அறுவைக்குப் பிறகும் பார்வை மங்கும். முந்தைய வேலையில் லேபிள் சரிபார்ப்பைச் செய்திருக்கிறேன்."

கடைசி வரி மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். நேர்காணலில் முதலில் அதைத்தான் துருவுவார்கள்.