கண் சிவந்த குழந்தை பள்ளிக்குத் திரும்புவது எப்போது?

எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் திங்களன்று ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது. புதனன்று மறு கண்ணும் சிவந்தது. ‘மெட்ராஸ் ஐ’ எனப்படும் இந்நோய் பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து இதற்குப் பயன்படாது. பாக்டீரியாவால் வந்தாலோ, கெட்டியான மஞ்சள் பீளை துடைக்கத் துடைக்க ஊறும். காலையில் இமைகள் ஒட்டுவது இரண்டிலும் உண்டு. அதை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

பாக்டீரியா எனில், மருத்துவர் தந்த மருந்தைத் தொடங்கி 24 மணி நேரம் கழிந்தபின் பள்ளிக்கு அனுப்பலாம். வைரஸ் எனில், நீர் வடிதல் நிற்கும்வரை வீட்டிலிருப்பதே நலம். அச்சிறுமிக்கு ஏழாம் நாள் நீர் நின்றது. எஞ்சிய இலேசான சிவப்பு பள்ளி செல்லத் தடையன்று.

கண்ணில் கடும் வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் தோன்றினால் உடனே கண் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.