புராஸ்டேட் பருமனும் ரம்பப் பனைச் சாறும்

வயது ஐம்பதைக் கடந்த ஆடவர் பலருக்கு இரவில் மூன்று நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்ல நேரிடுகிறது. நின்றவுடன் சிறுநீர் வருவதில்லை. வந்தாலும் மெலிந்த தாரையாக வந்து, இடையிடையே நின்று போகிறது. இதை வெளியே சொல்லக் கூசி, மருந்துக் கடையில் விற்கும் ரம்பப் பனை மாத்திரைகளை வாங்கி உண்போர் பலர். இம்மாத்திரை டி.எச்.டி.யைத் தடுக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. டி.எச்.டி. என்பது யாது, இச்சாறு அதனைத் தடுப்பது எவ்வாறு, அத்தடுப்பு உடலினுள் உண்மையில் நிகழ்கிறதா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சுரப்பி பருப்பது ஏன்?

ஆடவரின் சிறுநீர்ப் பைக்குக் கீழே புராஸ்டேட் என்னும் சுரப்பி இருக்கிறது. இளமையில் அது ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ளது. பெரிய நெல்லிக்காய் அளவினது. சிறுநீர்க் குழாய் இச்சுரப்பியின் நடுவே புகுந்து செல்கிறது. ஆகவே, சுரப்பி பருக்கும்போது குழாய் நெருக்கப்படுகிறது. முன் சொன்ன தொல்லைகள் யாவும் இந்த நெருக்கத்தால் விளைவனவே. இப்பருமன் புற்றுநோய் அன்று.

விரைகளில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் உண்டாகி, இரத்தத்தின் வழியே புராஸ்டேட்டை அடைகிறது. அங்கே ஐந்து-ஆல்பா ரிடக்டேஸ் என்னும் நொதி அதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து, டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. இதனையே சுருக்கமாக டி.எச்.டி. என்பர். இது மூலப்பொருளைவிட வலிமை மிக்கது. புராஸ்டேட்டின் உயிரணுக்களை இறுகப் பற்றி, அவற்றை வளருமாறு தூண்டுவது இதுவே.

நொதி இல்லாவிடில் என்ன நேரும்? இதற்கு இயற்கையே ஒரு சான்றினை அளித்துள்ளது. டொமினிக்கன் குடியரசின் ஒரு சிற்றூரில், இந்நொதி பிறவியிலேயே குறைவுபட்ட ஆண்கள் சிலர் இருப்பதை ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1974ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். அந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. நொதியைத் தடுத்தால் சுரப்பியைச் சுருங்கச் செய்யலாம் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. அவ்வழியில் உருவான பினாஸ்டெரைடு என்னும் மருந்து, 1992இல் அமெரிக்காவில் புராஸ்டேட் பருமனுக்கு அங்கீகாரம் பெற்றது.

ரம்பப் பனையின் சாறு

ரம்பப் பனை, அமெரிக்காவின் புளோரிடா, ஜார்ஜியா முதலிய தென்கிழக்கு மாநிலங்களில் புதராக வளரும் குட்டைப் பனை. அதன் மட்டையின் ஓரங்களில் ரம்பத்தின் பற்களைப் போன்ற முட்கள் இருப்பதால் இப்பெயர் அமைந்தது. ஆங்கிலத்தில் அதனைச் 'சா பால்மெட்டோ' என்பர். கருநீலமாகப் பழுக்கும் அதன் கனிகளை உலர்த்தி, அவற்றிலுள்ள கொழுப்புப் பகுதியைச் சாராயம் போன்ற கரைப்பான்களால் பிரித்தெடுக்கின்றனர். இச்சாற்றின் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்களே. வழக்கமாக நாளொன்றுக்கு 320 மில்லிகிராம் உட்கொள்ளப்படுகிறது.

இச்சாறு நொதியைத் தடுக்கக்கூடும் என்று கருதுவதற்குக் காரணம் உண்டு. நொதியானது உயிரணுவினுள் உள்ள கொழுப்புப் படலங்களில் பதிந்திருக்கிறது. கொழுப்பு அமிலங்கள் அப்படலத்திற் கலந்து நொதியின் வேலையைக் குலைக்கக்கூடும். ஆய்வுக்கூடத்தில் நொதியையும் சாற்றையும் ஒரு கண்ணாடிக் குழாயில் சேர்த்துச் சோதித்தபோது, டி.எச்.டி. உண்டாவது குறைந்தது. விளம்பரங்கள் சொல்லும் "தடுப்பு" பெரிதும் இதனை அடிப்படையாகக் கொண்டதே.

குழாயும் உடலும்

மங்கில் சேரும் பாலில் சில துளி அம்மோனியாவை விட்டால் பால் விரைவில் உறைவதில்லை என்பதைப் பால்மரம் வெட்டுவோர் அறிவர். அதே சில துளிகளை ஆலையின் பெரிய பால் தொட்டியில் விட்டால் பயன் யாது? பொருளின் குணம் மாறவில்லை. அதன் அளவு போதவில்லை. கண்ணாடிக் குழாய்க்கும் மனித உடலுக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

சாற்றிலுள்ள லாரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு உண்ணும் மாத்திரையில் அது ஏறக்குறைய 100 மில்லிகிராம் இருக்கும். நம் சமையலறையில் உள்ள தேங்காய் எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி இதே அமிலந்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அது 2 கிராம் அளவுக்கு, அதாவது மாத்திரையில் உள்ளதைப் போல் இருபது மடங்கு இருக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெயை நாள்தோறும் உண்டு வந்தோரின் புராஸ்டேட் பருக்காமல் இருந்துவிடவில்லை. உணவில் வரும் இத்தகைய கொழுப்பினை உடல் பெரும்பாலும் எரித்து ஆற்றலாக்கிக் கொள்கிறது. நொதியைத் தடுக்கும் அளவுக்கு அது சுரப்பியில் தேங்கி நிற்குமா என்பதே ஐயம்.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் சோதனை ஒன்றின் முடிவுகள் 2011இல் வெளியாயின. வட அமெரிக்காவில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன 369 ஆடவர்கள் அதில் கலந்துகொண்டனர். ஒரு சாராருக்கு ரம்பப் பனைச் சாறும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. சாற்றின் அளவு 320இலிருந்து 640ஆகவும், பின்னர் 960 மில்லிகிராமாகவும் உயர்த்தப்பட்டது. 72 வாரங்கள் கழித்துத் தொல்லைகளை 35 புள்ளி கொண்ட அளவுகோலால் கணித்தனர். சாறு உண்டவர்களுக்கு ஏறக்குறைய 2 புள்ளி குறைந்திருந்தது. போலி மாத்திரை உண்டவர்களுக்கோ ஏறக்குறைய 3 புள்ளி குறைந்திருந்தது. மும்மடங்கு அளவும் பயன் தரவில்லை.

நொதி தடுக்கப்பட்டதா இல்லையா என்பதற்கு இன்னுமோர் அடையாளம் உண்டு. புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவினை இரத்தத்தில் கண்டறியலாம். நொதியைத் தடுக்கும் பினாஸ்டெரைடை உண்டால் ஓராண்டிற்குள் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். மேற்சொன்ன சோதனையிலோ, சாறு உண்டவர்களுக்கும் போலி மாத்திரை உண்டவர்களுக்கும் பி.எஸ்.ஏ. அளவில் வேறுபாடு காணப்படவில்லை.

தீங்கு எங்கே நேர்கிறது?

இச்சாற்றினால் பெரிய தீங்கில்லை. சிலருக்கு வயிற்றுக் கோளாறு உண்டாகலாம். தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. 62 வயதுள்ள ஒருவர் இம்மாத்திரையை வாங்கி உண்பதாகக் கொள்வோம். முதல் மாதத்தில் சற்றுக் குணம் தெரிகிறது. போலி மாத்திரை உண்டவர்களுக்கும் அவ்வாறு தெரிந்ததை நாம் மேலே கண்டோம். குணம் கண்டோம் என்று நம்பி, ஓராண்டு மருத்துவரிடம் செல்லாதிருக்கிறார். சுரப்பி மேலும் பருக்கிறது. ஒருநாள் சளிக்கென்று வாங்கிய மாத்திரையை விழுங்குகிறார். அத்தகைய சில மாத்திரைகள் சிறுநீர்ப் பையின் வாயை இறுக்கும் தன்மையுடையவை. அன்றிரவு சிறுநீர் முற்றாக அடைபட்டு, அடிவயிறு வீங்கித் துடிக்கிறார். குழாய் செலுத்தித்தான் அதனை வெளியேற்ற வேண்டியதாகிறது.

ஆகவே, இத்தொல்லை உடையோர் முதலில் மருத்துவரைக் காண்பதே முறை. சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தும் மருந்துகள் சில நாட்களிலேயே பயன் தரத் தொடங்கும். பினாஸ்டெரைடு சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம் ஆகலாம். அதனை உண்போர், பி.எஸ்.ஏ. சோதனையின்போது அதைத் தவறாமல் தெரிவித்தல் வேண்டும். இல்லையேல் குறைந்து காட்டும் அளவு, மறைந்திருக்கும் புற்றுநோயைத் தெரியாமற் செய்துவிடலாம். ரம்பப் பனைச் சாற்றினை ஏற்கெனவே உண்டு வருவோர் அதனையும் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுக. சிறுநீர் அடியோடு நின்றாலும், அதில் இரத்தம் கலந்தாலும், காய்ச்சலோடு வலி கண்டாலும் விடியும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.