பொதுவீட்டில் ஒரு பங்கை வெளியாருக்கு விற்றால்?

கீழ் கோத்தகிரியில் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்து, வீடு மூன்று பிள்ளைகளுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் தன் பங்கை வெளியாருக்கு விற்க முனைகிறார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவுப்படி, அதை முதலில் வாங்கும் உரிமை தம்பிக்கும் தங்கைக்கும் உண்டு. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். இருவருமே கேட்டால், கூடுதல் தொகை தருபவருக்குப் பங்கு. விளைநிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயில்வழி வந்த சொத்துக்கு இப்பிரிவு பொருந்தாது.

கிரயமே முடிந்துவிட்டதா? குடும்பம் பிரிக்காமல் வைத்திருக்கும் வீட்டில், வாங்கியவர் கூட்டாகக் குடியேற உரிமை இல்லை. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அவர் பங்கை நீங்களே வாங்கக் கோரலாம். விற்பவரோ, விலையைக் குறித்து உடன்பிறந்தவர்களுக்கு முதலிலேயே பதிவுத் தபால் அனுப்பிவிடுவது நல்லது.